அம்புஜவல்லியின் ஹலோ

"உங்க கம்பெனியில போன் எடுக்கிற அம்மா எப்பவும் சிரிச்ச முகம் போல" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்புஜவல்லியோடு ஒரே ஷெட்டில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். அவள் சிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் தவம் கிடக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவளைப் போனில் மட்டும் அறிந்தவர்கள்.

நான் பூங்கோதை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் குருமூர்த்தி ஐயாவின் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுக்கும் பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் பாடு. அதன்பிறகு பொம்மை காய்ந்து, சூளைக்குள் போய் வெந்து, வெள்ளை வெளேரென்று வெளியே வந்ததும் அம்புஜவல்லியிடம் போகும். கண்ணும் வாயும் எழுதுவது அவள்தான். உதட்டு ஓரத்தில் பிரஷ் நுனியை ஒரு மயிரிழை மேலே தூக்குவாள், பொம்மை சிரித்துவிடும். பொம்மைக்கு வரும் சிரிப்பு இவளுக்கு வராதா என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவள் காதில் விழும்படியே பேசுவோம். அதற்கும் அவள் சிரிக்க மாட்டாள்.

கம்மாபுரம் பக்கத்துப் பெண். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கம்பெனிக்கு வந்த புதிதில் அவளை மண் அரைக்கும் மெஷின் பக்கம் போட்டிருந்தார்கள். அந்த உருளை சுற்றும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பேச வேண்டுமென்றால் அடித்தொண்டையிலிருந்து நறுக்கென்று கத்த வேண்டும். இழுத்துப் பேசினால் பாதி சத்தத்தில் கரைந்துவிடும். பல வருஷம் அப்படியே பேசிப் பேசி, மெஷினைவிட்டு எங்கள் ஷெட்டுக்கு வந்த பிறகும் தொண்டை அங்கேயே நின்றுவிட்டது. "சாப்ட்டியாக்கா?" என்று அவள் அன்பாகக் கேட்டாலே புதிதாக வந்தவர்கள் பயந்து எழுந்து நிற்பார்கள்.

கல்யாணப் பேச்சு அவளுக்கு வராமல் இல்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் செய்வார்கள். இவள் எடுத்து "ஹலோ" என்பாள். அந்த "லோ" கல்லைக் கிணற்றில் போட்டதுபோல் விழும். "பொண்ணுக்கு இஷ்டமில்ல போலிருக்குது" என்று அவர்கள் வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள். எதனால் போனார்கள் என்று இவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. ஜாதகத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டர் போனை எங்கள் ஷெட்டில் வைத்தது குருமூர்த்தி ஐயாதான். அவர் சூளைக்கும் லாரிக்கும் அலைகிறவர். மெஷின் சத்தம் குறைவாகக் கேட்கிற இடம் எங்கள் ஷெட் மட்டும்தான். என்னைப் போன் எடுக்கச் சொன்னால் நான் விலை சொல்வதற்குள் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவேனாம். அதனால் அம்புஜத்தின் பக்கத்தில் வைத்தார். எத்தனை டஜன் கேட்டார்கள் என்பதில் தகராறு வரக்கூடாது என்று, வரும் போனெல்லாம் தானாகப் பதிவாகும்படியும் செய்து வைத்தார்.

இங்கேதான் ஒரு விஷயம். அம்புஜத்தின் இடது கையில் பொம்மை இருக்கும், வலது கையில் பிரஷ் இருக்கும். போன் அடித்தால் வலது கை வேண்டும். கண் எழுதும் பிரஷ்ஷைக் கீழே வைத்தால் ஈர மயிரில் மண் தூசி ஒட்டிவிடும். அடுத்த கண் கோணலாகும். அதனால் தூசிக்காகக் கட்டியிருக்கும் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டு, பிரஷ்ஷின் காம்பைக் குறுக்கே பல்லில் கடித்துக்கொள்வாள். சாயம் மேலே சொட்டாமல் இருக்க முகத்தைக் கொஞ்சம் தூக்குவாள். அப்படியே போனை எடுத்து "ஹலோ" என்பாள். அதன்பிறகுதான் பிரஷ்ஷை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு மற்றதைப் பேசுவாள். நாங்கள் தினமும் பார்ப்பதுதான், யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சாமிதுரை எங்களுக்குப் பழைய வாடிக்கைக்காரர். நாற்பது வயது, நல்ல மனுஷன். கல்யாணம் ஆகாதவர். முன்பெல்லாம் கொலு சமயத்துக்கும் கார்த்திகைக்கும் மட்டும் போன் செய்வார். அம்புஜம் போன் எடுக்க ஆரம்பித்த பிறகு பெண்ணாடத்தில் பொம்மைப் பஞ்சம் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு யானை வேண்டும் என்பார், நாளைக்கு அந்த யானைக்கு ஜோடி வேண்டும் என்பார்.

"ஒத்த யானைக்கு ஒரு போனா? அந்தாளு கடை வெச்சிருக்காரா, காடு வெச்சிருக்காரா?" என்று நான் கேட்டேன்.

"யாவாரம்னா நாலும் இருக்கும். நீ உன் வேலைய பாரு" என்றாள் அம்புஜம். காது மட்டும் சிவந்திருந்தது.

ஒருமுறை சரக்கெடுக்க அவரே வண்டியோடு வந்தார். ஷெட் வாசலில் நின்றார். அம்புஜம் அப்போது பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு யாருக்கோ விலை சொல்லப் போனை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அந்தப் பக்கமாக ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், அவர் செருப்பில் பட்டதும்தான் ஆளுக்கு நினைவு வந்தது.

அதற்குப் பிறகு குருமூர்த்தி ஐயா மூலம் முறையாகக் கேட்டுவிட்டார். அம்புஜத்தின் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்புஜமோ, "ஞாயித்துக்கிழமை என் போனுக்கே கூப்புடச் சொல்லுங்க, நானே சொல்றேன்" என்று ஐயாவிடம் சொல்லியனுப்பினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவள் கண் எழுதிய பொம்மைகள் எல்லாம் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"கூப்புட்டாரு. ஹலோன்னேன். 'தொந்தரவு பண்ணிட்டேன் போல'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு ஹலோவுக்கே ஓடுற ஆளு எனக்கு எதுக்குக்கா?" என்றவள் கையிலிருந்த பொம்மைக்குப் புருவத்தைத் தடிமனாக இழுத்துவிட்டாள்.

மத்தியானம் குருமூர்த்தி ஐயா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, மனசில்லாதவர்களைத் தொந்தரவு செய்வது பாவம், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சாமிதுரை சொல்லிவிட்டாராம். அதிலிருந்து போனும் நின்றது. வேண்டிய சரக்கை ஐயாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் யானையே இல்லை.

அம்புஜம் ஆர்டர் போன் அடிக்கும்போதெல்லாம் திரையைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு உதட்டைக் கடிப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தால் சும்மா இருக்க வராது. அவள் சாப்பிடப் போன நேரம் அதே போனை எடுத்து சாமிதுரையைக் கூப்பிட்டேன்.

"என்னாங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? பொண்ணு கேக்கத் தெரியுது, பதில் கேக்கத் தெரியாதா? கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டு எழுதி உங்க பேர்ல பிராது கட்டிடுவேன், பாத்துக்கங்க!"

"யக்கா, பதிலுதான் கெடச்சிடுச்சே" என்றார், பாவம், மெலிந்த குரலில். "உங்க கம்பெனி போன்ல அவங்க ஹலோ சொன்னா, நாம கூப்புட்டதுல சந்தோஷப்படுறாங்கன்னு தோணும். அன்னிக்கு சொன்ன ஹலோவுல 'ஏண்டா கூப்புட்ட'ன்னு இருந்துச்சு. அதுக்கு மேல வாயால வேற சொல்லச் சொல்லி அவங்கள சங்கடப்படுத்துறதா?"

போனை வைத்துவிட்டு யோசித்தேன். ஒரே ஆள், ஒரே தொண்டை, ஒரே வார்த்தை. கம்பெனியில் இனிக்கிறது, வீட்டில் கசக்கிறது. என்ன கூத்து இது? அம்புஜம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். போன் அடித்தது. பிரஷ்ஷைக் கடித்தாள், முகத்தைத் தூக்கினாள், "ஹலோ" என்றாள். என் கையிலிருந்த பிள்ளையார் நழுவிக் கீழே விழுந்தார். நல்லவேளை, சுடாத பிள்ளையார், திரும்பக் கரைத்துக்கொள்ளலாம்.

"அடியே! சிரிக்கிறது நீ இல்லடி, பிரஷ்ஷு!" என்று கத்தினேன்.

அவள் நம்பவில்லை. அன்றைக்கு டீ நேரத்தில் வேல்விழியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். வேல்விழி என் பக்கத்தில் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள், காது கூர்மை. அம்புஜத்தைப் பல மாதிரி ஹலோ சொல்ல வைத்து என் போனில் பதிந்து, மாற்றி மாற்றிப் போட்டேன். பிரஷ்ஷைக் கடித்துச் சொன்னதைக் கேட்டதும் வேல்விழி, "சிரிக்கிறா" என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள், அது அவளுக்கே தெரியவில்லை. பிரஷ் இல்லாமல் சொன்னதற்கு, "யார் மேலயோ கடுப்புல இருக்கா" என்றாள். கண்ணாடியைப் பார்த்து உதட்டை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு சொன்ன ஹலோவுக்கு வேல்விழி கொஞ்சம் முழித்தாள். "சிரிப்பு இருக்குது. ஆனா ரேஷன் கார்டு போட்டோவுக்கு சிரிக்கிறாப்ல இருக்குது" என்றாள்.

ஏன் என்று நானும் கண்ணாடி முன்னால் நின்று என் வாயையே பார்த்தேன். சும்மா "லோ" என்றால் உதடு குவிந்து முன்னால் நீள்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னால் உதட்டோரம் பின்னால் போகிறது, உதடு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. தொண்டையிலிருந்து உதடு வரைக்குமான குழாய் கொஞ்சம் குட்டையாகிவிடுகிறது. குழாயடியில் குடம் பிடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். குடம் காலியாக இருக்கும்போது சத்தம் கனமாக விழும், நிறைய நிறைய உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து சத்தம் மெலிந்து மேலே ஏறும். கண்ணை மூடிக்கொண்டே குடம் நிரம்பியதைச் சொல்லிவிடலாம். அதேபோல்தான் உதடு விரிந்தது குரலில் கேட்டுவிடுகிறது. பிரஷ் காம்பு அவள் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது, மோவாய் தூக்கியதில் குரலும் கொஞ்சம் உயர்ந்தது.

ஆனால் உதடு பாதிதான். மீதி இழுவையில் இருக்கிறது. அவள் வழக்கமான ஹலோ உச்சியில் ஆரம்பித்துத் தடாலென்று விழுந்து நறுக்கென்று முடியும், அதை மெஷின் கற்றுக்கொடுத்தது. கடைசியை மேலே தூக்கிச் சொல்லச் சொன்னேன். "யார்றா நீ" என்று கேட்பதுபோல் ஆகிவிட்டது. மெதுவாக இழுக்கச் சொன்னேன், காய்ச்சல்காரி மாதிரி ஆகிவிட்டது. நேரில் என்றால் இதெல்லாம் பரவாயில்லை. குரல் முரடாக இருந்தாலும் கண் பேசிவிடும், கை பேசிவிடும். போனில் முகம் கிடையாது. எதிரில் இருப்பவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வார்த்தைதான், அதை வைத்துத்தான் மற்றதை முடிவு கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாராம். அந்தச் சத்தத்துக்கு மேலே இவள் தன்னையறியாமல் மெஷின் குரலை எடுத்திருக்கிறாள். பயத்தில் மூச்சை வேறு பிடித்துக்கொண்டிருந்தாளாம். தொண்டை இறுகினால் குரல் எப்படிக் குழையும்?

நான் கண்டுபிடித்த சந்தோஷத்தில், "ரொம்ப சுலபம்டி! பிரஷ்ஷ கடிச்சிக்கிட்டு அவருக்கு ஒரு போன் போடு, வேலை முடிஞ்சிது" என்றேன்.

அம்புஜத்தின் கண் நிறைந்துவிட்டது. நான் பார்த்துப் பழகாத காட்சி.

"அப்படின்னா அவருக்குப் புடிச்சது பிரஷ்ஷதானேக்கா? நான் இல்லையே. காலம் பூரா வாயில குச்சிய கடிச்சிக்கிட்டா குடித்தனம் பண்ணுவேன்? நாளைக்கு அவரு வூட்டுக்குப் போயி நான் என் கொரல்ல ஒரு வார்த்தை பேசினா, ஏமாந்துட்டோம்னு நெனப்பாரு. வேணாம். விடு."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் கண்டுபிடிப்பை நானே தூக்கிப் பரணில் போட வேண்டியிருந்தது.

மறுநாள் ஐயாவுக்கு ஒரு சந்தேகம். பெண்ணாடத்துக்காரர் போன மாதம் கேட்டது குதிரையா மாடா என்று பதிவைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். நானும் வேல்விழியும் சாமிதுரையின் பழைய போன்களை வரிசையாகப் போட்டுக் கேட்டோம். அம்புஜம் முதுகைக் காட்டிக்கொண்டு கண் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்துப் போன்களில் எல்லாம் நான் சொன்ன மாதிரியேதான். "ஹலோ" கொஞ்சம் காற்று கசிந்து வருகிறது, பல்லில் காம்பு இடிக்கும் சத்தம் கேட்கிறது. பிரஷ்ஷை எடுத்ததும், "எத்தனை வேணும்? டஜனா தனியா?" என்று பழைய மெஷின் குரல். அடுத்தது போட்டோம், அடுத்தது போட்டோம். திடீரென்று வேல்விழி, "நிறுத்துக்கா" என்றாள். "இதுல பல்லு சத்தம் இல்ல."

திரும்பப் போட்டேன். "ஹலோ"வுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். அவள் பலகை ஓரத்தில் இருக்கும் கண்ணாடிப் பாட்டிலில் பிரஷ்ஷைப் போட்டால் வரும் சத்தம். அதற்குப் பிறகு "ஹலோ." "ஓ" முழுசாக, உருண்டையாக, பல்லில் இடிக்காமல். அதில் சிரிப்பு இருந்தது. லேசாக ஏறி, மெத்தென்று இறங்கி, எதிராளி பேசட்டும் என்று கொஞ்சம் இடம் விட்டு நின்றது. அதோடு நிற்கவில்லை. "யானையா? போன வாரம்தானே வாங்கினீங்க? அது என்னா ஆச்சு, ஓடிப்போச்சா?" என்று கடைசி வரைக்கும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அதற்குப் பின் வந்த சாமிதுரையின் போன் எல்லாமே அப்படித்தான். சந்தேகத்துக்கு அதே நாளில் வந்த கும்பகோணத்துக்காரர் போனைப் போட்டோம். பல் சத்தம், காற்று, டஜனா தனியா. பழைய கதை.

"அம்புஜம், இங்க வா" என்றேன். "அவரு பேரு தெரையில வந்தா பிரஷ்ஷ என்னாடி பண்ணுவ?"

அவள் யோசித்தாள். "விரலால பட்டன தட்டிட்டு, பிரஷ்ஷ பாட்டில்ல வெச்சிடுவேன்."

"தூசி ஒட்டுமே?"

"ஒட்டட்டும். வாயில குச்சிய வெச்சிக்கிட்டு அவருகிட்ட எப்படிப் பேசுறது?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். வேல்விழி பதிவைத் திரும்ப ஓடவிட்டாள். தன் குரலைத் தானே கேட்ட அம்புஜம், "இது நானா?" என்றாள். பிறகு முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். முகமூடியின் இரண்டு ஓரமும் மேலே ஏறின. எனக்குச் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தியும்விட்டேன்.

"கூப்புடு. இப்பவே. உன் வாயால, உன் கொரலால."

கம்பெனி போனிலிருந்தே கூப்பிட்டாள். நாங்கள் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட வைத்தேன், வெட்கத்தைப் பார்த்தால் காரியம் ஆகாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்.

"ஹலோ" என்றார் சாமிதுரை.

ஐயோ, அந்த ஹலோ! தட்டையாக, அடியில் கிடந்தது. கடையை இழுத்து மூடுகிற மாதிரி இருந்தது. அம்புஜத்தின் முகம் செத்துவிட்டது. விரல் போனை வைக்கப் போனது. நான் அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் வரும் குரல் இல்லை இது, பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்ட குரல், அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது.

"ஹலோ. ஏங்க, போன எடுத்தா கொஞ்சம் சிரிச்சிக்கிட்டு எடுக்கத் தெரியாதா? பொண்ணு கேட்ட வூட்டுல இருந்து கூப்புடுறாங்க, இழவு வூட்டு ஆளாட்டம் எடுக்குறீங்க?"

வார்த்தை அத்தனையும் திட்டு. சத்தமும் மெஷின் சத்தம். ஆனால் சிரிப்பு அதற்குள் நிரம்பி வழிந்தது, இந்தமுறை சுவரைப் பார்த்து உட்காராமலே வேல்விழிக்கு அது கேட்டது. அந்தப் பக்கம் சாமிதுரையின் குரல், வேறு ஆளின் குரல் மாதிரி வந்தது.

"சிரிச்சிக்கிட்டே திட்டுறீங்களே! அப்போ அன்னிக்கு?"

"அன்னிக்கு கிரைண்டர் ஓடுச்சு. நான் பயந்துட்டேன். பதிலு அன்னிக்கே வெச்சிருந்தேன், கேக்கத்தான் நீங்க நிக்கல."

"இப்ப நிக்கிறேன். சொல்லுங்க."

"சரிங்க" என்றாள் அம்புஜம். நான் ஸ்பாஞ்சை மேலே தூக்கிப் போட்டேன், அது போன பக்கம் இன்றுவரை தெரியாது.

ஆனால் அம்புஜம் அம்புஜம்தானே, பாதியில் விடுகிற ஆளில்லை. "ஒண்ணு சொல்லிடணும்ங்க. உங்களுக்கு மொதல்ல புடிச்ச ஹலோ என்னுது இல்ல. வாயில பிரஷ்ஷ கடிச்சிக்கிட்டு இருந்தேன். பிரஷ்ஷு இழுத்துப் புடிச்ச சிரிப்பு அது. பின்னால ஏமாந்துட்டேன்னு சொல்லக் கூடாது."

அவர் சிரித்தார். கடையில் யாரோ விலை கேட்டதற்கு, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அது எனக்குத் தெரியுங்க. அன்னிக்கு வந்தப்ப வாசல்ல நின்னு பாத்தேனே. யாருக்கு எடுத்தாலும் கடிச்சிக்கிட்டுத்தான் எடுத்தீங்க. வூட்டுக்கு வந்து உங்களுக்கு போன் பண்ணேன். 'டக்'குன்னு பிரஷ்ஷ பாட்டில்ல வெக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஹலோன்னீங்க. மறுநாளும் அப்படித்தான். எனக்கு மட்டும் கீழ வெக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான், ஐயாகிட்ட பொண்ணு கேக்கவே எனக்குத் தைரியம் வந்துச்சு."